அழுதால் நிறுத்திவிடுவோம்: குழந்தையை இழந்த பெற்றோரை நேர்காணும் ஆய்வுக்கான நெறிமுறை விண்ணப்பம் பற்றி

குழந்தையை இழந்த பெற்றோரை நேர்காண அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களில் இரண்டு வாக்கியங்கள் பெரும்பாலும் தவறாமல் இருக்கின்றன. "பங்கேற்பாளருக்கு மன உளைச்சல் ஏற்பட்டால் நேர்காணல் உடனடியாக நிறுத்தப்படும்" என்பது ஒன்று. "தேவைப்படுவோருக்கு உளவியல் ஆலோசனை வழங்கப்படும்" என்பது மற்றொன்று. படிப்பவருக்கு மனநிறைவு தரும் வாக்கியங்கள்தான். குழு உறுப்பினர்களும் அவற்றைக் கடந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரு நெறிமுறைக் குழுவில் சமூக அறிவியல் உறுப்பினராக இருந்து இத்தகைய கோப்புகளைப் படிக்கும் எனக்கு, கோப்பிலேயே மிகப் பலவீனமான இடம் இதுதான் என்று தோன்றுகிறது. முதல் வாக்கியத்தை அப்படியே நடைமுறைப்படுத்தினால் பேச வந்த தாய்க்குத் தீங்கு நேரும். இரண்டாவது வாக்கியத்தை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று எழுதியவருக்கே தெரியாது.

ஆனாலும் இந்த விண்ணப்பம் வெறும் காகிதச் சடங்கு, அதை ஒழித்துவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யார் முதலில் அந்த வீட்டுக்கு அழைப்பது, எந்த நேரத்தில் அழைப்பது, எதிர்முனையில் வேறொருவர் எடுத்தால் என்ன சொல்வது என்பதையெல்லாம் ஆய்வாளர் முன்கூட்டியே உட்கார்ந்து யோசிக்க இதைவிட்டால் வேறு இடமில்லை. விண்ணப்பத்தை எழுதும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. அதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே முதுநிலை செவிலியம் படிக்கும் மாணவி ஒருவர், பிறந்து 28 நாட்களுக்குள் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையை இழந்த பெற்றோர் 20 பேரை நேர்காண விரும்புகிறார். மரணச் செய்தி அவர்களுக்கு எப்படிச் சொல்லப்பட்டது, குழந்தையைப் பார்க்கவும் தூக்கவும் அவர்களுக்கு வாய்ப்பு கிடைத்ததா, வீடு திரும்பிய பிறகு என்ன நடந்தது என்பவை அவருடைய கேள்விகள். வீட்டிலேயே ஒரு மணி நேரம் பேசி ஒலிப்பதிவு செய்வார். நல்ல ஆய்வு. அந்தப் பிரிவின் நடைமுறையில் எதை மாற்ற வேண்டும் என்று அந்தப் பெற்றோரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இல்லை.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்ததும் அவர் சந்திக்கும் முதல் கேள்வி, ஆபத்து எந்த அளவு என்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் ஆபத்தை நான்கு படிகளாகப் பிரிக்கின்றன: குறைந்தபட்சத்துக்கும் கீழ், குறைந்தபட்சம், குறைந்தபட்சத்தைவிடச் சற்றுக் கூடுதல், அதற்கும் மேல். குறைந்தபட்சம் என்று குறித்தால் முழுக் குழு கூடாமல் ஓரிரு உறுப்பினர்களே பார்த்து விரைவாக முடித்துவிட வழி உண்டு. படிப்பை முடிக்க வேண்டிய அவசரத்தில் உள்ள மாணவர், "ஊசி இல்லை, மருந்து இல்லை, வெறும் பேச்சுதான்" என்று அந்தக் கட்டத்தில் குறியிட்டுவிடுவார். நெறியாளரும் அதற்குத் தலையாட்டிவிடுவார். இந்த ஒரு குறி விண்ணப்பத்தின் மீதிப் பகுதியையும் கெடுத்துவிடுகிறது. ஆபத்து அதிகம் இல்லை என்று சொல்லிவிட்டவர் அதைக் கையாளும் வழியை விரிவாக எழுத முடியாது. எழுதினால் முன்னால் சொன்னதோடு முரண்படும். ஆகவே மேலே சொன்ன இரண்டு வாக்கியங்களோடு முடித்துக்கொள்கிறார். சற்றுக் கூடுதல் என்று நேர்மையாகக் குறித்து முழுக் குழுவின் முன்னால் வருவதே இந்த ஆய்வுக்குச் சரி.

மறுபக்கத்தில் குழுவின் அச்சமும் மிகையானது. "ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்று கூட்டத்தில் யாராவது கேட்பார். இதற்குப் பதில் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. நார்வேயில் காரி டைரெக்ரோவ், தற்கொலை, திடீர்ச் சிசு மரணம், விபத்து ஆகியவற்றால் பிள்ளைகளை இழந்த 64 பெற்றோரிடம் நேர்காணல் அனுபவம் பற்றிக் கேட்டு 2004-இல் வெளியிட்டார். பேசியது வலித்தது என்று அவர்களில் பெரும்பகுதியினர் சொன்னார்கள். ஆனால் பேசியதற்காக யாரும் வருந்தவில்லை. அதே ஆண்டில் சுவீடனில் உல்ரிகா கிரெய்க்பெர்க்ஸ் குழுவினர், புற்றுநோயால் பிள்ளைகளை இழந்த நானூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் நிரப்பிய வினாத்தாள்களை ஆராய்ந்தார்கள். 99 விழுக்காட்டினர் ஆய்வு பயனுள்ளது என்றார்கள். 28 விழுக்காட்டினர் அது தங்களை எதிர்மறையாகப் பாதித்தது என்றும் சொன்னார்கள். இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வலியும் பயனும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதைத்தான் அவை காட்டுகின்றன.

இந்த எண்களை எடுத்து விண்ணப்பத்தில் ஒட்டிவிட்டு, "ஆகவே பாதிப்பு இருக்காது" என்று முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் ஏற்க முடியாது. இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் எல்லோரும் பங்கேற்க ஒப்புக்கொண்டவர்கள். மறுத்தவர்களைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. தனி அறையும், சொந்தத் தொலைபேசியும், எளிதில் எட்டக்கூடிய மனநலச் சேவையும் உள்ள நாடுகளில் நடந்தவை அவை. நம் எடுத்துக்காட்டில் வரும் தாய், மாமியாரும் ஓரகத்தியும் உள்ள வீட்டில், கதவில்லாத முன்கட்டில் உட்கார்ந்து பேச வேண்டியவர். பெற்றோர் பேச விரும்பலாம், அவர்கள் சார்பில் நாமே மறுத்துவிடக் கூடாது என்ற அளவுக்கு மட்டுமே அந்த ஆய்வுகளை இங்கே துணைக்கு அழைக்கலாம்.

ஒப்புதலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் படிவத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் ஒப்புதல் கெடுவது பெரும்பாலும் படிவம் கைக்கு வருவதற்கு முன்பே. மாணவி தன் முதல் வரைவில், "கிராம சுகாதார செவிலியர் மூலம் பெற்றோர் தொடர்புகொள்ளப்படுவர்" என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வசதியான வழிதான். ஊரில் எந்த வீட்டில் என்ன நடந்தது என்று செவிலியருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாயின் இடத்தில் இருந்து பாருங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தவர் அந்தச் செவிலியர். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியான 18,000 ரூபாய்க்கான காகிதங்கள் அவர் கையால்தான் நகர்கின்றன. அடுத்த கர்ப்பத்துக்கும் அவரிடம்தான் போக வேண்டும். அவர் வந்து, "காலேஜ்ல இருந்து ஒரு பொண்ணு வரும், பேசிடும்மா" என்று சொன்னால், மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது, விண்ணப்பங்களில் அது வருவதே இல்லை. இந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு முறை ஆட்கள் வந்து கேள்வி கேட்டுப் போயிருப்பார்கள். குழந்தை இறந்தால் காரணத்தை ஆராய வேண்டும் என்பது அரசு நடைமுறை. அதற்கென்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. சுகாதாரத் துறையினர் வீட்டுக்கு வந்து, எப்போது வலி வந்தது, எப்போது கிளம்பினீர்கள், வண்டி கிடைக்க எவ்வளவு நேரமானது, பால் எப்போது கொடுத்தீர்கள் என்று படிவம் வைத்துக் கேட்பார்கள். பெற்றோருக்கு அது விசாரணையாகத்தான் தெரிகிறது. தன் தவறால்தான் குழந்தை போய்விட்டது என்று ஏற்கெனவே உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கும் தாய், இன்னொரு பெண் கையில் காகிதத்தோடு வாசலில் நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அவரிடம் பெறும் கையெழுத்து ஆய்வுக்கான ஒப்புதலாக இருக்காது. விசாரணைக்குக் கட்டுப்பட்டதாகவே இருக்கும். வேறு சிலர் இதற்கு நேர் எதிராக, மருத்துவமனை மேல் புகார் கொடுக்க ஒரு வழி வந்துவிட்டது, நஷ்டஈடு கிடைக்கும் என்று நம்பி ஒப்புக்கொள்வார்கள். இரண்டுமே தவறான புரிதலில் தந்த ஒப்புதல்கள்தான்.

இதற்கு என்ன எழுதலாம்? செவிலியரின் வேலை ஒரு மூடிய உறையைக் கொடுப்பதோடு முடிய வேண்டும். யார் ஒப்புக்கொண்டார், யார் மறுத்தார் என்பது அவருக்கும் மருத்துவமனைக்கும் தெரியக் கூடாது. உறைமேல் ஆய்வின் பெயரோ "மறைந்த குழந்தை" என்ற சொல்லோ இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் படித்துவிடுவார். உள்ளே ஒரே ஒரு பக்கக் கடிதம், ஆய்வுக்கென்றே வாங்கிய ஒரு கைபேசி எண். விருப்பம் இருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், கொடுக்காவிட்டால் மறுபடி யாரும் வரமாட்டார்கள். கடிதத்தின் முதல் வரியே, "இது விசாரணை அல்ல, என்னை மருத்துவமனையோ சுகாதாரத் துறையோ அனுப்பவில்லை, நீங்கள் சொல்வதால் எந்த உதவித்தொகையும் நிற்காது, நஷ்டஈடும் வராது" என்று இருக்க வேண்டும். மாணவி அதே மருத்துவமனைக் கல்லூரியில் படிப்பவர் என்பதை மறைக்கக் கூடாது. இரண்டாம் வரியில் அதைச் சொல்லிவிட வேண்டும். சீருடையும் அடையாள அட்டையும் இல்லாமல் போவது நல்லது. குழந்தை இறந்த தேதி, பிறந்த தேதி ஆகியவற்றை ஒட்டிய வாரங்களில் உறை போய்ச் சேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியில் பதில் குறைவாகத்தான் வரும். 20 பேர் சேர அதிக நாளாகும். செவிலியரே கூட்டிவந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும். குழுவிடம் இந்த விலையை வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற கால அவகாசம் கேட்பதும் விண்ணப்பத்தின் வேலைதான்.

இறந்து எவ்வளவு காலம் கழித்துப் பேசலாம் என்பதற்கு உறுதியான விதி கிடையாது. நீடித்த துக்கத்தை ஒரு கோளாறாக வரையறுப்பதில்கூட உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் குறைந்தது 6 மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. இங்கே 6 மாதம் முதல் 18 மாதம் வரை என்று வைக்கலாம். ஆனால் அந்தக் காலத்துக்குள் பல பெண்கள் மறுபடி கருவுற்றிருப்பார்கள். அவர்களைச் சேர்ப்பதா, தள்ளிவைப்பதா என்பதை வீட்டுக்குப் போன பிறகு யோசிக்கக் கூடாது. என் கருத்து, சேர்க்க மறுக்கக் கூடாது. முதல் தொலைபேசிப் பேச்சிலேயே மெதுவாகக் கேட்டு, பிரசவம் முடிந்து பேசலாமா என்ற வாய்ப்பை அவரிடமே விட வேண்டும்.

படிவத்துக்கு வருவோம். "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்ற வரி எல்லாத் தகவல் தாள்களிலும் இருக்கிறது. அது உண்மையில்லை. பேச்சை எழுத்தாக்கி, பெயரை நீக்கி, மற்றவர்களின் பேச்சோடு சேர்த்து ஆராய்ந்த பிறகு ஒருவருடைய சொற்களைப் பிரித்தெடுக்க முடியாது. நேர்காணல் முடிந்து நான்கு வாரம் வரை சொன்னால் பதிவை முழுமையாக அழித்துவிடுவோம், அதற்குப் பிறகு முடியாது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்வதே மரியாதை. அந்த நாளுக்கு முன்னால் ஆய்வாளரே ஒரு முறை அழைத்து, "நீங்க பேசினதுல எதையாவது எடுத்துடணும்னு தோணுதாக்கா?" என்று கேட்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர் பேச்சு வேகத்தில் கணவரைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ சொன்னதை இரவெல்லாம் நினைத்துக் கலங்குவார். அவராக அழைத்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லத் தயங்குவார். இந்தக் கேள்விதான் உண்மையான ஒப்புதல் கேட்கும் இடம் என்று நான் நினைக்கிறேன்.

கணவன் மனைவி இருவரையும் பேச வைக்கும் ஆய்வில் இரகசியம் என்பதற்குப் பொருளே மாறிவிடுகிறது. பெயரை மாற்றி, ஊரை மறைத்து, கட்டுரையில் ஒரு மேற்கோள் தந்தால் வெளியார் யாருக்கும் ஆள் தெரியாது. ஆனால் கணவருக்குத் தெரிந்துவிடும். "குழந்தையைப் பார்க்க விடாம அவர்தான் தடுத்தார், இன்னும் மனசு ஆறல" என்று மனைவி சொன்னதை அவர் படித்தால் அது யாருடைய சொல் என்று கணமும் யோசிக்க வேண்டியதில்லை. இதற்கு ஒரே வழி, இருவரின் பேச்சையும் தம்பதி என்று இணைத்துக் காட்டாமல் தனித்தனியாக ஆராய்வது, மேற்கோள் எடுக்கும் முன் அவரவரிடம் மறுபடி கேட்பது. இதனால் ஆய்வில் சுவையான ஒரு பகுதி போகும். போகட்டும். மனைவியின் ஒப்புதலைக் கணவரின் தலையசைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் எழுதியே வைக்க வேண்டும். இருவரையும் தனித்தனியாக, வேறு நாளில் கேட்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல நோக்கத்தோடு வந்த விதி. ஆனால் ஊரில் அந்தச் சாட்சி யார்? பக்கத்து வீட்டுப் பையன், அல்லது மைத்துனர். சாட்சி வந்த நொடியில் இரகசியம் போய்விடுகிறது. குழுவின் முன் அனுமதியோடு வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவாகப் பெறவும் 2017 வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் விண்ணப்பங்கள் மிகக் குறைவு. சாட்சியாகத் தாயே தேர்ந்தெடுக்கும் ஒரு பெண்ணை ஒப்புதல் வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் இருக்கச் சொல்லி, பேச்சு தொடங்கும் முன் அனுப்பிவிடுவது இன்னொரு வழி.

"நீங்கள் சொல்வது முழுமையாக இரகசியமாக வைக்கப்படும்" என்ற உறுதிமொழியைப் பார்த்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் 18 வயது நிரம்பிய பெற்றோரை மட்டும் சேர்ப்பதாக மாணவி எழுதியிருக்கிறார். ஒரு தாய்க்கு இப்போது வயது 18. குழந்தை இறந்து ஓராண்டு ஆகிறது. அப்படியானால் கருவுற்றபோது அவருக்கு 18 நிரம்பியிருக்காது. பேச்சில் இது வெளிவந்தால் ஆய்வாளர் சட்டச் சிக்கலுக்குள் வந்துவிடுகிறார். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காதவருக்கு 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ஆய்வாளருக்கு விலக்கு இல்லை. முழு இரகசியம் என்று வாக்குக் கொடுத்துப் பேச வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெண்ணின் கணவர்மேல் வழக்கு வரக் காரணமாவதைப் போன்ற நம்பிக்கைத் துரோகம் வேறில்லை. குழுவில் உள்ள சட்ட வல்லுநரிடம் முன்கூட்டியே பேசி, கருவுற்ற காலத்திலேயே 18 நிரம்பியிருந்தவர்களை மட்டும் சேர்ப்பது என்று எல்லையை மாற்றிக்கொள்ளலாம். இளம் தாய்மார்களின் குரல் ஆய்வில் இல்லாமல் போகும் என்பது பெரிய இழப்புதான். அந்த இழப்பை ஆய்வறிக்கையில் எழுதத்தான் வேண்டும். எப்படியானாலும், எந்தச் சூழலில் இரகசியம் காக்க முடியாது என்பதைப் பேச்சு தொடங்கும் முன் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இனி, அழுதால் நிறுத்திவிடுவோம் என்ற வாக்கியம். பெரியவர் இறந்த வீட்டில் ஒப்பாரி உண்டு, கட்டிப்பிடித்து அழ உறவு உண்டு, கருமாதி வரை நாட்கணக்கு உண்டு. பிறந்த சில நாளில் போன குழந்தைக்குப் பல வீடுகளில் இவை எதுவும் இல்லை. பெரும்பாலும் புதைத்துவிடுகிறார்கள், சடங்குகளைச் சுருக்கிக்கொள்கிறார்கள், தாய் இன்னும் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தால், "அடுத்தது நல்லா பொறக்கும், அழாத" என்கிறார்கள். இப்படி மாதக்கணக்கில் அடக்கிவைத்திருந்த ஒருவரிடம் போய், குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டு, அவர் அழத் தொடங்கியதும் கருவியை அணைத்துவிட்டு எழுந்தால், வீட்டார் சொன்னதையே நாமும் சொல்கிறோம் என்று பொருள். இந்த ஆய்வில் அழுகை வரும், வரத்தான் வேண்டும். நடைமுறை எழுத வேண்டியது அழுகைக்கு அல்ல, அதைத் தாண்டிய நிலைகளுக்கு.

நான் ஏற்கும் நடைமுறை மூன்று நிலைகளைப் பிரித்து எழுதும். அமெரிக்கச் செவிலியத் துறையில் கிளேர் டிரக்கர் குழுவினர் 2009-இல் முன்வைத்த முறையும் இதே திசையில் செல்வதுதான்: மனக்கலக்கம் ஒன்று, உடனடி ஆபத்து வேறொன்று என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்பது, என்ன செய்வது என்று முன்பே எழுதிவைப்பது.

முதல் நிலையில் அவர் அழுகிறார், ஆனால் பேச்சின் இழை அறுபடவில்லை. கேட்டால் பதில் வருகிறது. ஆய்வாளர் செய்ய வேண்டியது அமைதியாக இருப்பது. அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது, தேற்றவும் கூடாது. சற்றுப் பொறுத்து, "தண்ணி குடிக்கிறீங்களாக்கா? கொஞ்சம் நிறுத்தி வைக்கட்டுமா, இல்ல சொல்லணும்னு இருக்கா?" என்று கேட்க வேண்டும். முடிவு அவருடையது.

இரண்டாம் நிலையைக் கண்ணால் பார்த்துக் கண்டுகொள்ளும்படி எழுத வேண்டும். மூச்சு வாங்குகிறது, உடல் நடுங்குகிறது, கேட்ட கேள்வி காதில் விழவில்லை, அல்லது திடீரென்று உணர்ச்சியே இல்லாமல் வெறித்துப் பார்க்கிறார், தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்போதும் நிற்பதைப் போலப் பேசுகிறார். "கடும் உளைச்சல் ஏற்பட்டால்" என்று எழுதினால் 24 வயது மாணவிக்கு அது எதையும் சொல்லாது. மேலே உள்ள குறிகளைச் சொன்னால் அவருக்குத் தெரியும். இந்த நிலையில் பதிவை நிறுத்த வேண்டும், ஆனால் எழுந்து போகக் கூடாது. ஆய்வை விட்டுவிட்டு இப்போது இருக்கும் இடம், அறை, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பேச்சைத் திருப்பி, அவர் நிதானத்துக்கு வரும்வரை கூடவே இருக்க வேண்டும். அன்று மறுபடி தொடங்கக் கூடாது, அவரே கேட்டாலும்.

மூன்றாம் நிலை உயிராபத்து. "நானும் அதுகூடவே போயிருக்கலாம்" என்று தாய் சொல்கிறார். துக்கத்தில் இருப்பவர்கள் பலரும் சொல்லும் சொல்தான். எல்லாமே தற்கொலை எண்ணமாக இருப்பதில்லை. அதனால்தான் நேராகக் கேட்க வேண்டும்: "உயிரை விட்டுடணும்னு நினைக்கிறீங்களாக்கா? இப்பவும் அந்த நினைப்பு இருக்கா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" இப்படிக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பல மாணவர்கள் அஞ்சுகிறார்கள். கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை என்பதை மனநலத் துறை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பிறகே அவர் களத்துக்குப் போக வேண்டும். நெறியாளர் முன்னால் பயிற்சி எடுத்ததை விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். பதில் ஆம் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது, அவர் நம்பும் ஒருவரைக் கூப்பிட வேண்டும், அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

எந்த மருத்துவர்? "உளவியல் ஆலோசனை வழங்கப்படும்" என்ற வாக்கியம் உடையும் இடம் இதுதான். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எந்த மருத்துவமனையில் இருப்பார், அவரிடம் இந்த ஆய்வைப் பற்றிச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கியாயிற்றா, அந்தக் கிராமத்திலிருந்து அங்கே போகப் பேருந்து எத்தனை மணிக்கு, செலவு யாருடையது? இந்த நான்குக்கும் விடை இருந்தால்தான் அந்த வாக்கியத்தை எழுதலாம். அதனால் நேர்காணலை வெள்ளி மாலையிலோ விடுமுறை நாளிலோ வைக்கக் கூடாது, புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் நாளின் காலையில் வைக்க வேண்டும். 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் எண் 14416-ஐத் தகவல் தாளில் தரலாம். தருவதற்கு முன் மாணவியே ஒரு முறை அழைத்து, தமிழில் பேச எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துவிட வேண்டும். உதவி எண்ணைத் தந்ததோடு ஆய்வாளரின் பொறுப்பு தீர்ந்துவிட்டது என்று எழுதும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பலாம்.

மறுநாள் நலம் விசாரித்து அழைப்போம் என்று எழுதுகிறார்கள். நல்லது. ஆனால் படிவத்தில் உள்ள எண் பெரும்பாலும் கணவருடையது. அவர் வேலை செய்யும் இடத்தில் அழைப்பு போகும். "யாருங்க பேசறது?" என்பார். ஆய்வில் சேர்ந்ததை மனைவி அவரிடம் முழுதாகச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனவே கிளம்பும் முன், எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறொருவர் எடுத்தால் யார் என்று சொல்லட்டும் என்று தாயிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அழைக்கவே வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு.

நேர்காணல் எடுப்பவரின் நிலையைப் பற்றி ஒரு வரியாவது எழுதும் விண்ணப்பங்கள் இப்போது வருகின்றன. ஒலிப்பதிவை எழுத்தாக்குபவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பணத்துக்குத் தட்டச்சு செய்யும் அவர், ஒரு தாயின் அழுகையைப் பின்னோக்கி ஓட்டி, சொல் புரியும்வரை மறுபடி மறுபடி கேட்கிறார். அது எப்படிப்பட்ட பதிவு என்று முன்கூட்டிச் சொல்வது, அண்மையில் குழந்தையை இழந்தவரிடம் அந்த வேலையைத் தராமல் இருப்பது, இரகசியத்துக்கு அவரிடமும் கையெழுத்து வாங்குவது ஆகிய மூன்றும் நான்கு வரியில் எழுதிவிடக்கூடியவை.

குழுவின் பக்கமும் குறை இருக்கிறது. 7 முதல் 15 பேர் இருக்கும் குழுவில் மருத்துவர்கள், சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியல் படித்தவர், பொதுமக்கள் சார்பில் ஒருவர் என்று வகுத்திருக்கிறார்கள். அந்தப் பொதுமக்கள் பிரதிநிதிக்குத் தமிழ்த் தகவல் தாளைப் படித்துக் கையெழுத்திடும் வேலை மட்டும் வருகிறது. படிவம் எட்டுப் பக்கம் நீண்டுவிட்டால் பாதுகாப்பு கூடிவிட்டதாக எண்ணி, இன்னொரு பத்தி சேருங்கள் என்று எழுதி அனுப்புகிறோம். அதே நேரத்தில், உறையை யார் கொடுப்பார் என்று கேட்பதில்லை. குழந்தையை இழந்த ஒருவர் இந்தத் தாளைப் படித்துக் கருத்துச் சொன்னாரா என்றும் கேட்பதில்லை. பெற்றோர் ஒருவர் வரைவைப் படித்தால் எங்கே கலங்குவார், எந்தக் கேள்வி முதலில் வரக் கூடாது என்று உடனே சொல்லிவிடுவார். எங்கள் குழுவின் அனுபவம் எத்தனை ஆண்டுகளானாலும் அதற்கு ஈடாகாது. துக்கத்தைக் கடந்து வந்து அடுத்தவர்களுக்கு உதவ முன்வரும் பெற்றோர் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஆய்வில் பங்கேற்பவராக அல்லாமல் ஆலோசகராக அவர்களில் ஒருவரையோ இருவரையோ அமர்த்தி, அவர்களின் நேரத்துக்கு ஊதியம் தந்து, வரைவைக் காட்டியாக வேண்டும்.

எவ்வளவு யோசித்து எழுதினாலும் முதல் வீட்டுக்குள் போன பிறகுதான் தெரியும் விஷயங்கள் இருக்கும். மாடிப்படி அடியில் உட்கார்ந்து பேச வேண்டி வரலாம், கணவர் பாதியில் வந்து சேரலாம், மூன்று வயது மூத்த பிள்ளை மடியில் ஏறி, தம்பி எங்கே என்று கேட்கலாம். ஆகவே முதல் இரண்டு நேர்காணல்களுக்குப் பிறகு ஆய்வை நிறுத்திவைத்து, நடந்ததை எழுதி, வேண்டிய திருத்தங்களோடு குழுவிடம் மறுபடி வருவேன் என்ற உறுதியை விண்ணப்பத்திலேயே மாணவி தர வேண்டும். அந்தத் திருத்தத்தை அடுத்த மாதக் கூட்டம்வரை காக்க வைக்காமல் ஒரு வாரத்துக்குள் பார்த்துத் தருவோம் என்று குழுவும் அனுமதிக் கடிதத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.